ஒரு பாடல், மூன்று வடிவம்: மேற்கோளைப் பக்கத்தில் அமர்த்தும் முறை

தமிழ்க் கவிதை பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுபவர் ஒரு பாடலை மேற்கோள் காட்டும்போது, மூன்று வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிடுவது வழக்கம். முதலில் தமிழ் மூலம், அதன்கீழ் ரோமன் எழுத்தில் எழுத்துப்பெயர்ப்பு, அதற்கும் கீழே மொழிபெயர்ப்பு. எதையும் விட்டுவிடவில்லை என்ற நிறைவு எழுதுபவருக்குக் கிடைக்கிறது. பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கடிப் பாடலுக்குப் பன்னிரண்டு வரிகள். மேலும் கீழும் இடையிலுமாக நான்கு வெற்று வரிகள். மொத்தம் பதினாறு. பக்கத்துக்கு 32 வரி கொள்ளும் நூலில் அது சரிபாதி. ஆறு மேற்கோள்கள் உள்ள பத்துப் பக்கக் கட்டுரையில் மூன்று பக்கங்கள் மேற்கோளுக்கே போய்விடும்.

இட நெருக்கடியைவிடப் பெரிய இழப்பு வாசிப்பில் நிகழ்கிறது. தமிழ் தெரியாத வாசகர் ஒவ்வொரு மேற்கோளிலும் எட்டு வரிகளைத் தாண்டிக் குதித்துத்தான் தமக்குப் புரியும் வரிக்கு வந்து சேர்கிறார். இரண்டு மூன்று முறை குதித்தபின் மேற்கோள் முழுவதையுமே தாண்டப் பழகிவிடுகிறார். கவிதைக்காக எழுதிய கட்டுரையில் கவிதை மட்டும் படிக்கப்படாமல் போகிறது.

இந்த இயலில் நான் சொல்ல வருவது இதுதான்: மூன்று வடிவங்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. எந்த மேற்கோளில் எந்த வடிவத்துக்கு வேலை இருக்கிறதோ அது மட்டும் பக்கத்தில் நிற்கட்டும்.

யாருக்கு எது

தமிழ் மூலம், தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கானது. அவர் அதைப் பார்த்த கணத்தில் பாடலின் ஓசையைக் கேட்டுவிடுவார். உங்கள் மொழிபெயர்ப்பு எங்கே இறுக்கியிருக்கிறது, எங்கே தளர்த்தியிருக்கிறது என்பதையும் சரிபார்த்துக்கொள்வார். மொழிபெயர்ப்பு எல்லாருக்குமானது. உங்கள் வாதம் அதை ஊன்றித்தான் நடக்கிறது. எழுத்துப்பெயர்ப்போ நடுவில் இருப்பவருக்கானது: தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனால் சொல்லின் ஒலி வேண்டும் அல்லது சொல்லை அகராதியில் தேட வேண்டும் என்பவருக்கு. தமிழ் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தமிழே தெரியாதவர் முழுப் பாடலின் எழுத்துப்பெயர்ப்பை வரி வரியாக உச்சரித்துப் பார்ப்பதும் அரிது. ஆகவே முதலில் கேள்விக்கு உள்ளாக வேண்டியது இந்த நடு வடிவம்தான்.

முன்னோடிகள் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவும் அவரவர் நூலின் நோக்கத்துக்குப் பொருந்தியது. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் பதிப்பில் தமிழ் மூலமும் ஆங்கிலச் செய்யுளும் உண்டு. தமிழ் கற்க வருபவரையும் அவர் மனத்தில் வைத்திருந்ததால் சொற்களஞ்சியத்தையும் சேர்த்தார். ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, அந்தப் பாடல்கள் ஆங்கிலக் கவிதைகளாகத் தம் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பினார். பக்கத்தை மொழிபெயர்ப்புக்கே விட்டார். ஏவா வில்டன் 2010இல் கொண்டுவந்த குறுந்தொகைச் செம்பதிப்பு இதற்கு நேர் எதிர். பாடம், பாடபேதம், சொல்லுக்குச் சொல் பொருள், மொழிபெயர்ப்பு என்று அடுக்கடுக்காக நிற்கும். அந்தப் பதிப்பைத் திறப்பவர் பாடத்தை ஆராயவே திறக்கிறார் என்பதால் அந்த அடுக்கு அவருக்குச் சுமையாவதில்லை.

இலக்கியக் கட்டுரை இந்த மூன்றும் அல்ல. அதில் தலைமை வகிப்பது உங்கள் வாதம். செம்பதிப்பின் அமைப்பைக் கட்டுரைக்குள் அப்படியே தூக்கி வைப்பதால்தான் பெரும்பாலான நெரிசல் வருகிறது.

ஒரு பாடலை எடுத்துச் செய்து பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக நான்கு அடிகளை நானே கட்டியிருக்கிறேன். நேரிசை ஆசிரியப்பாவின் வடிவம். ஈற்றயலடியில் மூன்று சீர்தான்.

மழைவிட் டோய்ந்த மாலை முற்றம்
தழையுதிர் துளியைத் திண்ணை எண்ணும்
விழியோ வாசல் நீங்கா
வழியோ எவர்தடம் அறியா மணலே

வழக்கமான அடுக்கில் இதன்கீழ் வருபவை இவை:

```
maḻaiviṭ ṭōynta mālai muṟṟam
taḻaiyutir tuḷiyait tiṇṇai eṇṇum
viḻiyō vācal nīṅkā
vaḻiyō evartaṭam aṟiyā maṇalē

Rain over. Evening in the courtyard.
The porch counts drops the leaves let go.
The eyes will not leave the doorway;
the path is sand that knows no footprint.
```

இப்போது கட்டுரையில் இந்தப் பாடலைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அதை முடிவு செய்யாமல் பக்க அமைப்பைத் தொடவே முடியாது. காத்திருப்பவளின் பார்வையையும் வெறுமையான வழியையும் பாடல் ஒரே ஓசையில் எதிரெதிரே நிறுத்துகிறது என்பது நம் வாதம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சான்று விழியோ, வழியோ என்ற இரண்டு சொற்கள். ஒரே எதுகை, ஒரே ஓகாரம், இரண்டும் அடியின் முதல் சீர். மொழிபெயர்ப்பில் இது காணாமல் போய்விட்டது; ஆங்கிலத்தில் கண்ணுக்கும் வழிக்கும் ஒலி உறவு கிடையாது. எனவே அந்த இரண்டு சொற்களுக்கு எழுத்துப்பெயர்ப்பு கட்டாயம் தேவை. மற்ற சொற்களுக்கு இந்தக் கட்டுரையில் தேவை இல்லை.

அப்படியானால் எழுத்துப்பெயர்ப்புப் பத்தி முழுவதையும் எடுத்துவிடலாம். மேற்கோளில் தமிழ் மூலமும் மொழிபெயர்ப்பும் மட்டும் நிற்கும். அந்த இரண்டு சொற்கள், வாதம் நடக்கும் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடும்:

```
Lines three and four open on a matched pair, viḻiyō, "as for the
eyes," and vaḻiyō, "as for the path": one vowel apart in sound.
```

வரிக்கணக்கு பதினாறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. நான்கும் நான்கும் எட்டு, வெற்று வரி மூன்று. ஆறு மேற்கோள்களில் முப்பது வரி மிச்சம். ஏறக்குறைய ஒரு பக்கம். அதைவிட மேலானது ஒன்று நடந்திருக்கிறது. தமிழ் தெரியாத வாசகர் இப்போது விழியோ, வழியோ என்ற ஒலியை உண்மையாகவே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். பதினைந்து அந்நியச் சொற்களுக்கு நடுவே புதைந்து கிடந்தபோது அவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

வாதம் வேறாக இருந்தால் முடிவும் மாறும். நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்தாக ழகரம் வருவதே பேசுபொருள் என்றால், ஒவ்வோர் அடியின் முதல் சீரையும் காட்ட வேண்டும். நான்கு சொற்கள், அதுவும் ஒரு வாக்கியத்தில் அடங்கும். சீரும் தளையும் எப்படி அமைகின்றன என்பதே கட்டுரை என்றால், முழு எழுத்துப்பெயர்ப்பும் வேண்டும். அப்போது அது பக்கத்தில் நிற்பதற்கு முழு உரிமை பெற்றது. அந்தக் கட்டுரையிலும் எல்லா மேற்கோளுக்கும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. யாப்பை அலசும் ஒரு பாடலுக்குச் செய்தால் போதும். கருத்துக்காகக் காட்டும் மற்றப் பாடல்கள் இரண்டு வடிவத்தில் நிற்கலாம்.

சில ஆய்விதழ்கள் தமிழ் எழுத்தையே கட்டுரைக்குள் ஏற்பதில்லை. அங்கே எழுத்துப்பெயர்ப்பு மூலத்தின் இடத்தில் வந்து உட்கார்கிறது. அதை மறுத்து மல்லுக்கு நிற்பதைவிட, கட்டுரை முடிவில் ஒரே பக்கத்தில் மூலப் பாடல்களை எண்ணிட்டுத் தர அனுமதி கேளுங்கள்.

மேலும் கீழுமா, பக்கவாட்டிலா

தமிழை இடப்புறமும் ஆங்கிலத்தை வலப்புறமும் வைத்தால் இடம் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கும் நூல்கள் உண்டு. ஒரு முழுப் பக்கம் ஒரு மொழிக்குக் கிடைப்பதால் அது நன்றாகவே அமைகிறது. ஒரே பக்கத்தை இரண்டாகப் பிளப்பது வேறு விஷயம். ஏ5 அளவு நூலில் பக்கத்தின் அகலம் 148 மில்லிமீட்டர். ஓரங்கள் போக எழுத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 110. அதில் பாதி போனால் நாற்சீர் அடி ஒரே வரியில் அடங்குவது கடினம். கடைசிச் சீர் மடங்கி அடுத்த வரிக்கு வந்துவிடும். மடங்கிய வரியைப் பார்க்கும் வாசகர் அதைப் பாடலின் அடி என்றே எடுத்துக்கொள்வார். நம் பாடலில் மூன்றாம் அடி குறுகி நிற்பது யாப்பின் வேலை. மற்ற அடிகளும் மடங்கினால் எது புலவர் நிறுத்திய இடம், எது காகிதம் நிறுத்திய இடம் என்று பிரித்தறிய முடியாது.

பக்கவாட்டு அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணையாக நிற்கும் வரிகள் பொருளிலும் இணை என்று கண் நம்பிவிடுகிறது. தமிழில் பெயரெச்சங்களும் வினையெச்சங்களும் முன்னே வந்து குவிய, முதன்மை வினை கடைசியில் வரும். சங்கப் பாடல் பலவற்றில் முதல் அடியில் இருக்கும் பொருள் ஆங்கிலத்தில் ஐந்தாம் வரிக்குப் போய்விடும். இணை வரியில் தேடுபவர் தவறான சொல்லோடு தவறான சொல்லைப் பொருத்திக்கொள்வார். மேலும் கீழுமாக வைக்கும்போது இந்த மயக்கம் குறைவு. ஆகவே கட்டுரைக்கு மேலும் கீழும்தான் என் தேர்வு. குறள் போன்ற ஈரடிப் பாடலானாலும் இதையே செய்வேன்.

எது மேலே? ஆங்கிலக் கட்டுரையிலும் தமிழே மேலே வர வேண்டும். மொழிபெயர்ப்பு உடனடியாகக் கட்டுரையின் அடுத்த வாக்கியத்துக்கு அருகில் நிற்பதால் வாதம் அறுபடாமல் தொடரும். மூலம்தான் முதலில் பிறந்தது என்ற முறையும் காக்கப்படும்.

நீண்ட பாடலுக்கு வேறு வழி. பத்துப்பாட்டிலிருந்து முப்பது அடிகளை எடுத்துப் பேசுகிறீர்கள் என்றால் முப்பதுக்கும் மூலம் தர வேண்டாம். மொழிபெயர்ப்பை முழுமையாகக் கொடுத்துவிட்டு, நீங்கள் அலசப்போகும் மூன்று நான்கு அடிகளுக்கு மட்டும் மூலம் தாருங்கள், அடி எண்ணோடு. அடியின் நடுவிலிருந்து மேற்கோள் தொடங்கினால் முதல் வரியை உள்ளே தள்ளி வையுங்கள். அந்த வெற்றிடமே பாதியிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடும், புள்ளிகள் தேவையில்லை.

எழுத்துப்பெயர்ப்பு: ஒரு முறை, ஒரு முடிவு

கட்டுரையில் எத்தனை சொற்களுக்கு எழுத்துப்பெயர்ப்பு தந்தாலும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். தமிழுக்கு நன்கு நிலைபெற்றது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை. 2001இல் வந்த ISO 15919 என்ற பன்னாட்டு முறையும் தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை அதற்கு மிக நெருங்கியது. வழக்கமாகத் தடுமாறும் எழுத்துகள் இவ்வளவே:

```
ண ṇ   ன ṉ   ந n
ல l   ள ḷ   ழ ḻ
ர r   ற ṟ   ட ṭ
ங ṅ   ஞ ñ   ச c
```

நெடிலுக்கு மேலே கோடு: ā, ī, ū, ē, ō. எகர ஒகரக் குறில்களுக்குக் கோடு இல்லை.

இந்தக் குறிகளை அலங்காரம் என்று நினைத்து அச்சகத்திலோ பதிப்பகத்திலோ யாராவது நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பாடலின் முதல் அடியே காட்டும். மழை என்பது maḻai, மாலை என்பது mālai. குறிகளை எடுத்துவிட்டால் இரண்டும் malai. மலையும் அதுவேதான். மழை ஓய்ந்த மாலை என்ற தொடரில் மழை எது, மாலை எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த முறை எழுத்தைக் காட்டுமே தவிர ஒலிப்பைக் காட்டாது. வாசல் என்பதை vācal என்றும், நீங்கா என்பதை nīṅkā என்றும் எழுதுகிறோம். தமிழ் தெரியாதவர் சகரத்தைச் சகரமாகவும் ககரத்தைக் ககரமாகவும் அழுத்திச் சொல்வார். அவருக்காக முறையை வளைத்து ஒரு சொல்லில் s, இன்னொரு சொல்லில் g என்று எழுதத் தொடங்கினால் அகராதியில் தேடுபவர் தொலைந்துபோவார். முதல் மேற்கோளின் அடிக்குறிப்பில் ஒரு வாக்கியம் போதும்: இன்ன முறையைப் பின்பற்றியிருக்கிறேன், சொல்லின் நடுவில் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

சீர் பிரிப்பா, சொல் பிரிப்பா என்பதும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. மழைவிட் டோய்ந்த என்பது சீர் பிரித்த வடிவம். சொல்லாகப் பிரித்தால் விட்டு, ஓய்ந்த. புணர்ச்சியில் ஈற்று உகரம் கெட்டிருக்கிறது. தமிழ் மூலத்தை நீங்கள் பயன்படுத்தும் பதிப்பில் உள்ளபடியே கொடுங்கள். எழுத்துப்பெயர்ப்பு யாப்பைக் காட்டுவதற்கு என்றால் சீர்ப்படி `maḻaiviṭ ṭōynta`. சொல்லைக் காட்டுவதற்கு என்றால் `maḻai viṭṭ' ōynta`. மேற்குறி கெட்ட உகரத்தைச் சுட்டும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால், ṭōynta என்ற சொல்லை வாசகர் அகராதியில் தேடுவார். அப்படி ஒரு சொல்லே கிடையாது.

எழுத்துப்பெயர்ப்பில் பெரிய எழுத்து வேண்டாம். தமிழில் அந்த வேறுபாடு இல்லை. அடியின் முதல் எழுத்தைக் கணினி தானாகவே பெரிதாக்கிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். புலவர் பெயர், நூற்பெயர் ஆகியவை கட்டுரையின் ஓட்டத்தில் வரும்போது குறிகள் இல்லாமல் வாசகர் அறிந்த வடிவிலேயே எழுதலாம் என்பது என் கருத்து. Kapilar என்ற பெயரில் குறிக்கு வேலை இல்லை. Tiruvalluvar என்ற பெயரை ஒரு பக்கத்தில் எட்டு முறை புள்ளியிட்டு எழுதுவதால் ஆய்வு ஆழமாவதில்லை. முதல் முறை வரும்போது மட்டும் Tiruvaḷḷuvar என்று முழுமையாகத் தந்துவிடுங்கள். மேற்கோளிலிருந்து எடுத்துப் பேசும் சொல்லுக்கு மட்டும் குறிகள் எப்போதும் கட்டாயம்.

எழுத்துருவும் அளவும்

குறியிட்ட எழுத்துகள் எல்லா எழுத்துருவிலும் இருப்பதில்லை. ஏமாற்றம் இங்கே நுட்பமாக வரும். ā, ī, ū போன்றவை பல எழுத்துருக்களில் உண்டு. ḻ, ṟ, ṉ ஆகிய மூன்றும் இராது. இல்லாத எழுத்தைக் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி நடுவில் செருகும். விழியோ என்ற சொல்லில் ḻ மட்டும் கொஞ்சம் தடித்தோ மெலிந்தோ நின்றால் நடந்தது இதுதான். Gentium, Charis SIL, Noto Serif ஆகியவற்றில் இந்த எழுத்துகள் எல்லாம் உண்டு. கட்டுரை முழுவதற்கும் அவற்றில் ஒன்றையே தேர்ந்தெடுத்தால் மேற்கோள் தனித்துத் துருத்தாது.

விண்டோஸ் கணினியில் Microsoft Word பயன்படுத்துபவர் எழுத்தின் எண்ணைத் தட்டி உடனே `Alt+X` அழுத்தினால் எழுத்து வந்துவிடும்.

```
ḻ 1E3B   ṟ 1E5F   ṉ 1E49
ḷ 1E37   ṇ 1E47   ṭ 1E6D   ṅ 1E45
```

இவை ஒற்றை எழுத்துகள். சிலர் l என்ற எழுத்தைத் தட்டிவிட்டு அதன்கீழ் தனிக்கோடு ஒன்றைச் சேர்ப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் கோட்டைத் தாங்கத் தெரியாத எழுத்துருவில் அது பக்கத்து எழுத்துக்கடியில் நழுவிப்போய் நிற்கும். தேடும்போதும் சொல் அகப்படாமல் போகலாம். அந்த எழுத்தின் வலப்புறத்தை ஒட்டிச் சுட்டியை வைத்து `Backspace` அழுத்திப் பாருங்கள். முதல் தட்டலில் கோடு மட்டும் போய் l நின்றால் அது இரண்டு துண்டு, மாற்றிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, தமிழும் ஆங்கிலமும் ஒரே புள்ளி அளவில் வைத்தாலும் ஒரே அளவாகத் தெரிவதில்லை. தமிழ் எழுத்து அகலமானது. மேலே சுழியும், கீழே உகர ஊகாரக் கோடுகளும் நீளும். கட்டுரை 11 புள்ளியில் இருந்தால் தமிழ்ப் பாடலை 10 புள்ளியில் வைத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும்; அச்சிட்ட தாளை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது தமிழ்ப் பத்தி ஆங்கிலப் பத்தியைவிடக் கறுத்துத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அளவுகோல். தமிழைச் சாய்க்க வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து வரையப்படவே இல்லை. கணினி நேர் எழுத்தைப் பிடித்து வளைக்கும். தடித்த எழுத்தும் வேண்டாம். சாய்வு எழுத்துப்பெயர்ப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால், வாக்கியத்தின் நடுவே சாய்ந்து நிற்கும் சொல்லைப் பார்த்ததுமே இது தமிழ்ச் சொல் என்று வாசகருக்கு விளங்கிவிடும். தனிப் பத்தியாக நிற்கும் பாடலுக்கு மேற்கோள் குறிகள் தேவையே இல்லை. உள்ளே தள்ளி வைத்திருப்பதே குறி.

பாடலை நடுவில் வைத்து அழகு பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஈற்றயலடி முச்சீராகக் குறுகுவது இடப்புறத்தில் நேராகத் தொடங்கி வலப்புறத்தில் முன்னதாக முடியும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் வைத்தால் எல்லா அடிகளும் இரண்டு பக்கமும் கூடிக் குறைந்து அந்தக் குறுகல் தொலைந்துவிடும்.

பக்கம் புரளும் இடத்தில்

பாடல் பக்கத்தின் அடியில் முடிந்து மொழிபெயர்ப்பு அடுத்த பக்கத்தில் தொடங்குவது அடிக்கடி நிகழும் கோளாறு. தமிழ் தெரியாதவர் முன் புரியாத நான்கு வரிகளோடு பக்கம் முடிந்துபோகிறது. இதைத் தடுக்கப் பாடலை ஒரே பத்தியாகத் தட்டுங்கள். அடி முடிவில் `Enter` அல்லாமல் `Shift+Enter`. பின் அந்தப் பத்திக்கு `Keep lines together`, `Keep with next` என்ற இரண்டையும் தெரிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்புப் பத்திக்கு முதலாவது போதும்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. கட்டுரை இருபுறமும் ஒழுங்கு செய்யப்பட்டதாக இருந்தால், `Shift+Enter` இட்ட அடிகளும் ஓரம் தொடும்வரை இழுக்கப்படும். விழியோ, வாசல், நீங்கா என்ற மூன்று சொற்களும் தூரத் தூரமாக நின்றால் காரணம் இதுதான். பாடலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடப்புற ஒழுங்கு மட்டும் வைத்து, இரண்டையும் தனித்தனிப் பாணியாக `Styles` பட்டியலில் சேமித்துக்கொண்டால் அடுத்த மேற்கோளுக்கு ஒன்றும் யோசிக்க வேண்டாம். பின்னர் பதிப்பாசிரியர் அளவை மாற்றச் சொன்னாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பாடல் எண்ணும் பதிப்பும்

மேற்கோளின் பின்னால் நூற்பெயர், பாடல் எண், அடி எண், புலவர், பதிப்பாசிரியர், ஆண்டு, மொழிபெயர்த்தவர் என்று ஒரு வரி வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதில் மேற்கோளுக்கு மேற்கோள் மாறுவது பாடல் எண் மட்டும். மாறாதவற்றை முதல் அடிக்குறிப்பிலேயே தீர்த்துவிடலாம். குறுந்தொகை என்றால், உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றியிருக்கிறேன், மொழிபெயர்ப்புகள் என்னுடையவை என்று அங்கே சொல்லிவிட்டால், பிறகு வரும் மேற்கோள்களுக்கு நூற்பெயரும் எண்ணும் போதும். மொழிபெயர்ப்பின் கடைசி வரியிலேயே வலப்புறமாக அதை வைத்தால் தனி வரியும் செலவாகாது. புலவர் பெயரை மேற்கோளுக்கு முந்தைய வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். வாக்கியத்துக்கும் அது நல்லது.

பதிப்பைச் சொல்வதில் மட்டும் சிக்கனம் கூடாது. சங்கப் பாடல்களில் பாடபேதங்கள் உண்டு. உங்கள் வாதம் ஒரு சொல்லின்மேல் நிற்கும்போது, வேறு பதிப்பில் அந்த இடத்தில் வேறு சொல் இருந்தால் வாசகர் நீங்கள் தவறாகத் தட்டியதாக எண்ணுவார். அலசும் சொல்லுக்குப் பாடபேதம் இருந்தால் அதை அடிக்குறிப்பில் தாருங்கள். மற்றச் சொற்களின் பாடபேதம் கட்டுரைக்கு வேண்டாம்.

மற்றவருடைய மொழிபெயர்ப்பை எடுத்தாள்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் அவர் பெயர் மேற்கோளுடனேயே வர வேண்டும். முதல் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டேன் என்பது இங்கே போதாது. அவருடைய வரியில் ஒரு சொல்லை நீங்கள் மாற்றியிருந்தால் அதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரின் வரிப்பிரிப்பை உங்கள் பக்க அகலத்துக்காக மடக்காதீர்கள். ராமானுஜன் ஒரு சங்கப் பாடலைப் படிப்படியாக உள்ளே தள்ளிய வரிகளில் அமைத்திருந்தால், அந்தத் தள்ளலும் மொழிபெயர்ப்பின் பகுதிதான். அகலம் போதாவிட்டால் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறையுங்கள், அல்லது அந்தப் பத்தியை ஓரத்தை ஒட்டித் தொடங்குங்கள்.

கோப்பை அனுப்புமுன் அதை PDFஆக மாற்றி, அதிலிருந்து ஒரு மேற்கோளை நகலெடுத்து வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் ஒழுங்காக வந்து, viḻiyō என்பதும் கோட்டோடு வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது. கொம்பு இடம் மாறியோ ḻ இருந்த இடத்தில் கட்டமோ வந்தால், அந்த எழுத்துருவை மாற்றிவிட்டு மீண்டும் PDF எடுங்கள். அச்சுப்படி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை தமிழ்ப் பத்திகளின் மூன்று இடங்கள்: ஒற்றின் புள்ளி மேல்வரியோடு முட்டுகிறதா, உகரக் கோடு கீழ்வரியில் வெட்டுப்படுகிறதா, கடைசி அடிக்கும் மொழிபெயர்ப்புக்கும் நடுவில் பக்கம் புரள்கிறதா. இவற்றைத் திருத்தச் சொல்லும்போது பக்க எண்ணையும் வரி எண்ணையும் தந்து, சரியான வடிவத்தை ஓரத்தில் கையால் எழுதிக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத அச்சுக்கோப்பவருக்கு வேறு வழியில் இதை விளக்க முடியாது.